சீட்டுக் காசு நாலரை இலட்சம்: வைப்பா, யூனிட் டிரஸ்டா, பங்கா?

என் அக்காவின் மகள் செங்கலடிப் பக்கம் ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்கிறாள். போன ஆனி மாதம் அவளுக்குச் சீட்டு விழுந்தது. முப்பது பேர், ஆளுக்கு மாதம் 15,000, இவள் கடைசி ஆள். நாலரை இலட்சத்தையும் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு அன்று பின்னேரமே கல்லடிக்கு வந்தாள். கையில் இரண்டு காகிதங்கள். ஒன்று வங்கியின் நிலையான வைப்பு வட்டிப் பட்டியல். மற்றது அலுவலகத்துக்கு வந்த ஒரு முகவர் கொடுத்துவிட்டுப் போன யூனிட் டிரஸ்ட் துண்டுப் பிரசுரம்.

"மாமா, இதில எது கூடத் தரும்?" என்று கேட்டாள்.

முதல் தடவை முதலீட்டைப் பற்றி யோசிக்கிற எல்லாரும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். நான் அதற்குப் பதில் சொல்லாமல், இந்தக் காசு எப்போது, எதற்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். அவள் யோசித்து யோசித்து நாலு விசயம் சொன்னாள். ஐப்பசி மழைக்கு முதல் குசினிக் கூரையை மாற்ற வேண்டும், அதற்கு ஒன்றரை இலட்சம் முடியும் என்று மேசன் சொல்லியிருக்கிறார். கலியாணக் காப்பு ஒரு இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கையில் ஒன்றும் இல்லை. மகனுக்கு மூன்று வயது, பெரியவனானதும் படிப்புக்குக் காசு வேண்டும். அப்புறம், சீட்டு முடிந்துவிட்டதால் இனி மாதம் 15,000 மிச்சம்.

இது ஒரே காசு போலத் தெரிந்தாலும், தேவைப்படும் காலத்தை வைத்துப் பார்த்தால் நாலு வெவ்வேறு காசுகள். ஒன்றுக்குச் சரியான இடம் மற்றதற்குப் பிழையான இடமாக இருக்கும். அதைப் பார்க்கிறதுக்கு முன்னால் யூனிட் டிரஸ்ட் என்றால் என்ன என்று அவளுக்கு விளங்க வேண்டியிருந்தது. இந்தியத் தொலைக்காட்சிகளில் மியூச்சுவல் ஃபண்ட் என்று விளம்பரம் வருமே, அதே பொருள்தான். இலங்கையில் 1991 முதல் யூனிட் டிரஸ்ட் என்ற பெயரில் இருக்கிறது.

அவளுடைய அப்பா வயல் செய்தவர் என்பதால் நெல்லை வைத்தே சொன்னேன். பெரும்போக அறுவடை நேரம், நெல் மலிந்து கிடக்கிறது. இருபது பேர் சேர்ந்து எட்டு இலட்சம் போட்டு, மூடை 8,000 படி நூறு மூடை வாங்கி ஒரு களஞ்சியத்தில் அடுக்குகிறார்கள். போட்ட காசைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்து 80 பங்கு என்று கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். இருபதாயிரம் போட்டவருக்கு இரண்டு பங்கு, ஒரு இலட்சம் போட்டவருக்குப் பத்து. இந்தப் பங்கைத்தான் யூனிட் என்கிறோம்.

நெல் விலை 9,200க்கு ஏறினால் களஞ்சியத்தின் பெறுமதி ஒன்பது இலட்சத்து இருபதாயிரம். அதை 80ஆல் பிரித்தால் ஒரு யூனிட் 11,500. விலை 7,000க்கு இறங்கினால் ஒரு யூனிட் 8,750. ஒவ்வொரு வேலை நாளும் யூனிட் டிரஸ்ட் கம்பனி செய்கிற கணக்கு இதுதான்: உள்ளே இருப்பதற்கு இன்றைக்கு என்ன பெறுமதி, அதில் செலவைக் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் பிரித்தால் இன்றைய விலை. புதிதாக ஒருவர் சேர வந்தால் அன்றைய விலையான 11,500 கொடுத்துத்தான் யூனிட் வாங்க வேண்டும். அதனால் பழையவருக்கும் நட்டமில்லை, புதியவருக்கும் நட்டமில்லை. ஒரு நிதியத்தின் யூனிட் 12 ரூபாய், இன்னொன்றின் யூனிட் 400 ரூபாய் என்றால் முதலாவது மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. களஞ்சியத்தை எத்தனை பங்காகப் பிரித்தார்கள், அது எத்தனை வருடம் வளர்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

இன்னொரு விசயத்தையும் களஞ்சியத்தை வைத்தே சொல்லலாம். நெல்லை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று முடிவு எடுப்பவர் ஒருவர். சாவியை வைத்திருப்பவர் வேறொருவர். யூனிட் டிரஸ்டில் முடிவு எடுப்பது முகாமைத்துவக் கம்பனி. சொத்துக்களைத் தன் பொறுப்பில் வைத்திருப்பது நம்பிக்கைப் பொறுப்பாளர், அது பெரும்பாலும் ஒரு வங்கி. கம்பனி வங்குரோத்து ஆனாலும் அதன் கடன்காரர்கள் உங்கள் நெல்லில் கை வைக்க முடியாது. ஆனால் நெல் விலை இறங்கினால் சாவி வைத்திருப்பவர் ஈடு செய்ய மாட்டார். இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வங்கி வைப்புக்கு வைப்புக் காப்புறுதி இருக்கிறது: அனுமதி பெற்ற ஒரு வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்குப் பதினொரு இலட்சம் வரை அந்தத் திட்டம் தரும். யூனிட் டிரஸ்டுக்கு அது கிடையாது.

சரி, களஞ்சியத்துக்குள் நெல்லுக்குப் பதிலாக என்ன இருக்கிறது? அதை வைத்துத்தான் நிதியங்களின் வகையும், எவ்வளவு ஆபத்து என்பதும் தீர்மானமாகிறது. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது பணச் சந்தை நிதியம். உள்ளே இருப்பவை அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க விற்கிற திறைசேரி உண்டியல்கள், வங்கி வைப்புகள், சில நேரம் பெரிய கம்பனிகள் எடுக்கிற குறுகிய காலக் கடன்கள். எல்லாம் ஒரு வருடத்துக்கு உட்பட்டவை என்பதால் யூனிட் விலை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், விழுவது அரிது. வைப்பு வட்டிக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே தரும். காசு கேட்டால் பொதுவாக ஓரிரு வேலை நாளில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், தவணை முறிந்தது என்று வட்டியைக் குறைக்க மாட்டார்கள். இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். எல்லா நிதியமும் 8 சதவீதம் தருகிற நேரத்தில் ஒன்று மட்டும் 10 தந்தால், அதன் களஞ்சியத்தில் கம்பனிக் கடன் கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு நிதியமும் மாதா மாதம் ஒரு தகவல் தாள் வெளியிடுகிறது. அதில் எவ்வளவு திறைசேரியில், எவ்வளவு வங்கியில், எவ்வளவு கம்பனிகளில் என்று போட்டிருப்பார்கள். கடன் எடுத்த கம்பனி ஒன்று திருப்பிக் கட்டாவிட்டால் யூனிட் விலை ஒரே நாளில் இறங்கும். அந்தக் கூடுதல் 2 சதவீதம் அதற்கான கூலி.

இரண்டாவது வருமான நிதியம். உள்ளே இருப்பவை மூன்று வருடம், ஐந்து வருடம் என்று நீளமான திறைசேரி முறிகளும் கம்பனிக் கடன் பத்திரங்களும். அரசாங்கக் கடன்தானே, இது எப்படி விழும் என்று மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. வேலைக்கு வந்து இருபது வருடமானவர்களுக்கும் இது தெரிவதில்லை. நீங்கள் ஒரு இலட்சத்துக்கு 10 சதவீதத்தில் ஒரு முறி வாங்குகிறீர்கள், ஒரு வருடத்தில் 110,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே சந்தையில் வட்டி 25 சதவீதமாகிவிட்டது. இப்போது உங்கள் முறியை விற்கப் போனால் யார் ஒரு இலட்சம் தருவார்? 88,000 கொடுத்து வாங்கினால்தான் அவருக்கு வருட முடிவில் 25 சதவீதம் கிடைக்கும். ஆகவே அதன் விலை 88,000. அரசாங்கம் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை, ஆனாலும் இன்றைக்கு விற்றால் உங்களுக்கு 12,000 நட்டம். முறி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இந்த இறக்கமும் பெரிதாகும். இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பழைய முறிகளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதன் பிறகு இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்தார்கள். வட்டி இறங்குகிற காலத்தில் இதே கதை தலைகீழாக நடக்கும், வருமான நிதியம் வைப்பை விடக் கூடத் தரும். அப்படித் தந்த வருடத்தின் எண்ணைத்தான் துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

மூன்றாவது பங்கு நிதியம். வளர்ச்சி நிதியம் என்றும் பெயர் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பவை கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் பங்குகள். முகவர் காட்டிய படத்தில் ஏறுகிற கோடு இந்த வகையினுடையது.

இந்த இடத்தில் நான் என் கொப்பியை எடுத்தேன். கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், அதாவது அங்குள்ள எல்லாப் பங்குகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுகிற எண், ஒவ்வொரு வருட முடிவிலும் எங்கே நின்றது என்று அதில் எழுதி வைத்திருக்கிறேன். 2021 முடிவில் 12,226. 2022 முடிவில் 8,490. 2023 முடிவில் 10,654. 2024 முடிவில் 15,945. சுட்டெண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஒரு நிதியத்தில் 2021 கடைசி நாளில் ஒரு இலட்சம் போட்டிருந்தால் ஒரு வருடத்தில் அது 69,400 ஆகியிருக்கும். அடுத்த வருடம் 87,100. மூன்றாம் வருடம் 130,400. கம்பனிகள் தங்கள் இலாபத்தில் பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கிற பங்கிலாபமும் நிதியத்தின் கட்டணமும் இதில் சேர்க்கப்படவில்லை, இது பருமட்டான படம்தான்.

"மூன்று வருசத்தில முப்பதாயிரம் இலாபம், நல்லதுதானே" என்றாள்.

அதே மூன்று வருடத்தில் கடைச் சாமான் விலையையும் பார்க்க வேண்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 டிசம்பரில் முந்தைய டிசம்பரை விட 57.2 சதவீதம் கூடியிருந்தது. அடுத்த டிசம்பரில் இன்னும் 4 சதவீதம் கூடியது, அதற்கடுத்த டிசம்பரில் 1.7 சதவீதம் குறைந்தது. மூன்றையும் சேர்த்தால், 2021 முடிவில் ஒரு இலட்சத்துக்கு வாங்கிய அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் 2024 முடிவில் சுமார் 160,000. கையில் 130,000 இருந்தாலும் கூடையில் குறைவுதான். வைப்பு மட்டும் தப்பியதா? முதல் வருடம் 7 சதவீதம், 2022 முடிவில் வட்டி உச்சத்தில் இருந்தபோது புதுப்பித்ததால் 22, பிறகு 9 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 142,000. அந்த மூன்று வருடத்தில் வைப்பு பங்கை வென்றது, இரண்டுமே விலைவாசியிடம் தோற்றன. வைப்பில் உள்ள காசு குறையாது என்பது ரூபாய்க் கணக்கில் மட்டும்தான் உண்மை. ஆபத்து என்ற சொல்லை விழுகிற யூனிட் விலைக்கு மட்டும் பாவிக்கிறோம். ஏறுகிற அரிசி விலைக்கும் அதே சொல் பொருந்தும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2021 டிசம்பரில் இரண்டு இலட்சத்தை ஒரு பங்கு நிதியத்தில் போட்டேன். சந்தை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது, அலுவலகத்தில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். 2022 ஏப்ரலில் புதுவருட விடுமுறைக்குப் பிறகு ஐந்து வேலை நாட்கள் பங்குச் சந்தையே திறக்கவில்லை. ஆனியில் அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை வந்தது, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம், வேறு காசு என்னிடம் இல்லை. யூனிட்டுகளை விற்றபோது கிடைத்தது ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம். பங்கு நிதியத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. ஆறு மாதத்தில் தேவைப்படக்கூடிய காசை நான் அங்கே போட்டதுதான் பிழை. இன்னும் இரண்டரை வருடம் தொடாமல் விட்டிருந்தால் அது போட்டதைத் தாண்டியிருக்கும். ஆனால் அம்மாவின் கண்ணுக்கு இரண்டரை வருடம் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

அப்படியென்றால் நீண்ட காலம் வைத்தால் பங்கு கட்டாயம் இலாபம் தரும் என்கிறார்களே, அது சரியா என்று கேட்டாள். முகவரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். கொப்பியில் இன்னும் பின்னால் போனோம். 2010 முடிவில் சுட்டெண் 6,636. 2020 முடிவில் 6,774. யுத்தம் முடிந்த உற்சாகத்தில் ஏறியிருந்த விலைக்கு வாங்கியவர் பத்து வருடம் பொறுமையாக இருந்தும், பங்கிலாபத்தைத் தவிர அவருக்குக் கிடைத்தது 2 சதவீதம். வருடத்துக்கு அல்ல, பத்து வருடத்துக்கும் சேர்த்து. இதை எந்தத் துண்டுப் பிரசுரமும் சொல்லாது. நீண்ட காலம் ஆபத்தைக் குறைக்கிறது, இல்லாமல் செய்வதில்லை.

இதற்கு ஒரு பாதி மருந்துதான் மாதா மாதம் போடுவது. மேலே சொன்ன அதே காலத்தில் ஒரே அடியாகப் போடாமல் 2021, 2022, 2023 முடிவுகளில் ஒவ்வொரு இலட்சமாகப் போட்டிருந்தால், 2024 முடிவில் முதல் இலட்சம் 130,400, இரண்டாவது 187,800, மூன்றாவது 149,700. மூன்று இலட்சம் நாலு இலட்சத்து அறுபத்தெட்டாயிரத்துக்குக் கிட்ட வந்திருக்கும். சந்தை விழுந்து எல்லாரும் பயந்து நின்ற நேரத்தில் போட்ட காசுதான் அதிகம் உழைத்திருக்கிறது. அந்த நேரத்தில் மனம் வந்து போடுகிறவர்கள் குறைவு. மாதச் சம்பளத்தில் தானாகக் கழிகிறபடி செய்துவிட்டால் மனத்தைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கும் சந்தை மீண்டும் எழுந்ததால்தான் அழகாக வருகிறது. எழாத பத்து வருடத்தில் மாதா மாதம் போட்டவருக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இப்போது மேசையில் அவளுடைய நாலு தேவைகளும் ஒரு பக்கம், வழிகள் ஒரு பக்கம்.

அடகில் இருக்கிற காப்பை முதலில் எடுக்கச் சொன்னேன். அதற்கு வருடம் 15 சதவீத வட்டி கட்டுகிறாள், ஒரு இலட்சத்துக்கு 15,000. வைப்பில் போட்டால் வரக்கூடியது 8,000. இங்கே வைத்து அங்கே கட்டினால் வருடத்துக்கு 7,000 போகிறது. எந்த நிதியமும் நிச்சயமாக 15 சதவீதம் தர மாட்டாது, கடனை அடைத்தால் அது நிச்சயம். முதலீடு பற்றிக் கேட்டு வந்தவளுக்கு இது பிடிக்கவில்லை. அக்கா மட்டும் சமையலறையில் இருந்து "அதைச் சொல்லு முதல்ல" என்றாள்.

கூரைக் காசு ஒன்றரை இலட்சம் மூன்று மாதத்தில் வேண்டும். வைப்புக்கும் பணச் சந்தை நிதியத்துக்கும் ஒரு சதவீத வித்தியாசம் இருந்தாலும், மூன்று மாதத்தில் அது 375 ரூபாய். இதற்காக மண்டையை உடைக்க வேண்டியதில்லை. நாள் தெரிந்த காசுக்கு அந்த நாளில் முதிர்கிற வைப்பு போதும், மூன்று மாத வைப்பு. 2025 ஏப்ரலில் இருந்து வைப்பு வட்டியில் 10 சதவீதம் வரியாகக் கழித்துக்கொண்டுதான் தருகிறார்கள் என்பதையும், வருட வருமானம் பதினெட்டு இலட்சத்தைத் தாண்டாதவர்கள் அதற்கான வெளிப்படுத்தல் படிவத்தைக் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவள் வங்கியில் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தாள்.

திடீர்ச் செலவுக்கு இரண்டு இலட்சம். வீட்டுச் செலவு மாதம் அறுபத்தையாயிரம் போகிறது, ஆகவே மூன்று மாதத்துக்குத் தாங்கும். இந்தக் காசுக்கு நாள் தெரியாது. வைப்பில் போட்டால் இடையில் உடைக்க வேண்டி வரும், வட்டி குறையும். ஐம்பதாயிரத்தைச் சேமிப்புக் கணக்கில், இரவு பன்னிரண்டு மணிக்கும் அட்டை போட்டு எடுக்கிற மாதிரி விட்டுவிட்டு, மிச்சம் ஒன்றரை இலட்சத்துக்குப் பணச் சந்தை நிதியம் சரி என்று எனக்குப் பட்டது. பணச் சந்தை நிதியம் உண்மையில் பொருந்துகிற இடம் இதுதான். அதிலும் கம்பனிக் கடன் குறைவாக, திறைசேரியும் பெரிய வங்கிகளும் கூடுதலாக உள்ள ஒன்றைத் தகவல் தாளைப் பார்த்துத் தெரிவு செய்தோம். காத்தான்குடியில் இருந்து வருகிற அவளுடைய சக உத்தியோகத்தர் வட்டி எடுக்காதவர். அப்படிப்பட்டவர்களுக்கு ஷரீஆ முறைப்படி நடத்தப்படும் நிதியங்களும் இலங்கையில் உண்டு.

ஆக நாலரை இலட்சத்தில் பங்குக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. மகனின் படிப்புக்கு மட்டும், அதுவும் இனி மிச்சப்படும் மாதம் 15,000இல் இருந்து. பதினைந்து வருடம் இருக்கிறது. ஐயாயிரம் பங்கு நிதியத்துக்கு, பத்தாயிரம் பணச் சந்தை நிதியத்துக்கு என்று பிரித்தோம். பத்தாயிரம் ஓரளவு சேர்ந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை ஒரு நீண்ட வைப்பாக மாற்றலாம். பங்குக்கு ஏன் மூன்றில் ஒன்று மட்டும்? 2022 போல ஒரு வருடம் வந்து அது முப்பது சதவீதம் விழுந்தாலும், மொத்தத்தில் பத்து சதவீதம்தான் குறையும். அவ்வளவைப் பார்த்துக்கொண்டு விற்காமல் இருக்க அவளால் முடியும் என்று நினைக்கிறேன். அரச உத்தியோகத்தில் ஓய்வூதியம் இருக்கிறது என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று சிலர் சொல்லுவார்கள். விழுகிற சந்தையை ஒரு தடவையும் பார்க்காதவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மகனுக்குப் பதினான்கு, பதினைந்து வயது வரும்போது பங்கில் உள்ளதையும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்புப் பக்கம் நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பல்கலைக்கழக அனுமதி வருகிற வருடத்தில் சந்தை விழுந்து கிடக்கலாம்.

எந்தப் பங்கு நிதியம் என்பதில் நான் கட்டணத்தைத்தான் முதலில் பார்த்தேன். முகாமைத்துவம், பொறுப்பாளர், பாதுகாப்பு என்று எல்லாச் செலவும் தினசரி விலையிலேயே கழிந்துவிடும், பில் வராது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. வருடம் 10 சதவீதம் வளர்ந்தால் ஒரு இலட்சம் பதினைந்து வருடத்தில் 418,000 ஆகும். செலவு 2 சதவீதம் போய் 8இல் வளர்ந்தால் 317,000. அந்த ஒரு இலட்சம் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. சில நிதியங்கள் உள்ளே வரும்போதோ குறுகிய காலத்தில் வெளியே போகும்போதோ இன்னொரு கட்டணம் எடுக்கும். நிதியத்தின் விளக்கக் கையேட்டில் கட்டணப் பகுதியை வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசியாக அந்த முகவரின் துண்டுப் பிரசுரத்துக்கு வந்தோம். பின்பக்கத்தில் பேனையால் "மாதம் 2% உறுதி" என்று எழுதி, கீழே ஒரு ஆளின் வங்கிக் கணக்கு இலக்கம் இருந்தது. யூனிட் டிரஸ்டில் உறுதியான இலாபம் என்று ஒன்று கிடையாது. உள்ளே இருப்பதன் விலைதான் யூனிட் விலை, அதை யார் உறுதி சொல்ல முடியும்? காசும் ஒருபோதும் முகவரின் சொந்தக் கணக்குக்குப் போகாது, நிதியத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே போகும். எந்தக் கம்பனிக்கு அனுமதி இருக்கிறது என்பதைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் sec.gov.lk தளத்தில் பார்க்கலாம். நாங்கள் தேடினோம், பிரசுரத்தில் இருந்த பெயர் பட்டியலில் இல்லை. அலுவலகத்தில் இரண்டு பேர் ஏற்கனவே காசு கட்டிவிட்டதாகச் சொன்னாள். மறுநாள் காலையிலேயே அவர்களுக்கு இதைக் காட்டச் சொன்னேன்.

கணக்குத் திறக்க அடையாள அட்டைப் பிரதி, விலாசத்துக்கு ஒரு மின்சாரப் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் போதுமாக இருந்தன. கொழும்புக்குப் போகத் தேவையில்லை, தொலைபேசியிலேயே முடித்தோம். சம்பளம் வந்த பிறகு, ஒவ்வொரு மாதமும் 28ஆம் திகதி கழிகிறபடி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்தாள்.

இரண்டாவது மாதம் பங்கு யூனிட்டின் விலை கொஞ்சம் இறங்கியது. இரவு ஒன்பது மணிக்கு அழைப்பு வந்தது. "மாமா, பத்தாயிரம் போட்டது ஒன்பதாயிரத்து அறுநூறாப் போயிற்று, எடுக்கவா?" இந்தக் காசு எப்போது வேண்டும் மகள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம்பி தூங்கிவிட்டான், நாளைக்குக் கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். 28ஆம் திகதி ஐயாயிரம் வழமை போலக் கழிந்தது.